பாக்கி எவ்வளவு, என்றைக்கு?

ஈரோட்டில் பெட்ஷீட் மொத்த வியாபாரம் செய்யும் ஒருவர், தென்காசியில் சின்னதாக ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும் செய்தி இது. ஆட்களும் எண்களும் மாதிரிக்குத்தான். ஆனால் இந்த நடையில் எழுதிய செய்தி, பாக்கி வரவேண்டிய ஒவ்வொரு வியாபாரியின் போனிலும் ஒன்றாவது இருக்கும்.

"அண்ணாச்சி வணக்கம்ங்க. நல்லாருக்கீங்களா? வீட்ல எல்லாரும் சௌக்கியமா? பாப்பா காலேஜ் சேர்ந்தாச்சுங்களா? ஆடித் தள்ளுபடி எப்படிப் போகுதுங்க, இங்க சந்தை கொஞ்சம் டல்லாத்தான் இருக்குது. அப்புறம் ஒண்ணு சொல்லணும்னு நெனச்சுட்டே இருந்தேன், தப்பா எடுத்துக்காதீங்க. ஜூன்ல அனுப்புன பெட்ஷீட் பில்லுல பாதி போல போட்டுவிட்டீங்க, அதுக்கப்புறம் மீதி வரலைங்க. 25 சொச்சம் இருக்கும்னு நெனைக்கிறேன். அந்த ரிட்டர்ன் வேற இருக்குது, அதையும் பார்த்துக் கழிச்சுக்கலாம். போன வாரம் போன் பண்ணேன், நீங்க எடுக்கல, கூட்டமா இருந்திருக்கும். எனக்கும் இங்க தறிக்காரங்களுக்குப் பணம் கொடுக்கணும், தினமும் கேட்டுட்டே இருக்காங்க, ரொம்ப நெருக்கடியா இருக்குது. உங்களுக்கு எப்ப முடியுதோ அப்பப் பார்த்து ஏதாவது அனுப்பிவிட்டீங்கன்னா நல்லாருக்கும். அவசரம் இல்லைங்க, ஆனா கொஞ்சம் சீக்கிரம் பாருங்க. தீபாவளிக்குப் புது டிசைன் வந்திருக்குது, போட்டோ அனுப்பட்டுங்களா?"

அரை மணி நேரத்தில் பதில் வந்துவிடுகிறது. "நல்லாருக்கோம் தம்பி. பாப்பா சேர்ந்துட்டா. போட்டோ அனுப்புங்க."

பணத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. இதைப் படித்ததும் தென்காசிக்காரர் நழுவுகிறார் என்றுதான் தோன்றும். அப்படி முடிவு கட்டுவதற்கு முன், அவரிடம் என்ன கேட்கப்பட்டது என்று பாருங்கள். கேள்விக்குறி போட்டு நேராகக் கேட்டவை நான்கு: நலமா, வீட்டில் சௌக்கியமா, பாப்பா சேர்ந்தாயிற்றா, போட்டோ அனுப்பட்டுமா. நான்குக்கும் அவர் பதில் சொல்லிவிட்டார். பணத்தைப் பற்றிக் கேள்வியே இல்லை. "எப்ப முடியுதோ அப்ப" என்றும் "அவசரம் இல்லை" என்றும் சொல்லிவிட்டதால் பதில் சொல்லும் தேவையும் இல்லை. கல்லாவில் உட்கார்ந்துகொண்டு, வாடிக்கையாளர் துணியைப் பிரித்துப் பார்க்கும் இடைவெளியில் போனைப் பார்ப்பவர், எது சுலபமோ அதற்குத்தான் முதலில் பதில் போடுவார்.

நீளமான செய்தியின் கோளாறு இதுதான். கேட்கக் கூச்சமாக இருப்பதால் சுற்றி வளைக்கிறோம். சுற்றி வளைக்கும் ஒவ்வொரு வாக்கியமும், பணத்தைத் தொடாமல் பதில் சொல்ல எதிராளிக்கு ஒரு வழியைத் திறந்துவிடுகிறது. ஆகவே சுருக்குவது என்றால் சொற்களைக் குறைப்பது மட்டும் ஆகாது. பாக்கி எவ்வளவு, என்றைக்கு வரும் என்ற இரண்டைத் தவிர வேறு எதற்கும் பதில் சொல்ல இடமில்லாமல் செய்வதுதான் சுருக்குவது.

முதலில் லெட்ஜர், பிறகு போன்

சுருக்கும் வேலை போனில் தொடங்குவதில்லை. மேலே உள்ள செய்தியில் மிகவும் பலவீனமான இடம் "25 சொச்சம் இருக்கும்னு நெனைக்கிறேன்" என்பதுதான். அனுப்பியவருக்கே தொகை தெரியாது. வாங்கியவர் தொகை தெரிந்துகொள்ள வேண்டுமானால் பில்லைத் தேட வேண்டும், பேங்க் எஸ்எம்எஸ்ஸைத் தேட வேண்டும், திருப்பி அனுப்பியது எத்தனை என்று நினைவுபடுத்த வேண்டும். அந்த வேலையைச் செய்ய அவருக்கு எந்த அவசரமும் இல்லை. "ராத்திரி பார்த்துக்கலாம்" என்று வைத்துவிடுவார். அந்த ராத்திரி வராது.

கணக்கை எடுத்துப் பார்ப்போம். ஜூன் 12-ஆம் தேதி, பில் எண் 214. பெட்ஷீட் 120, ஒன்று 400 ரூபாய் என்று 48,000. 5 சதவீதம் ஜிஎஸ்டி 2,400 சேர்த்தால் பில் தொகை 50,400. ஜூலை 5-ஆம் தேதி 25,000 வரவு. சாயம் பிடித்திருந்ததென்று 8 பெட்ஷீட் திரும்பி வந்திருக்கிறது. வரியோடு சேர்த்து அது 3,360. ஆக நிற்கும் பாக்கி 22,040.

வியாபாரியின் நினைவில் இருந்த 25 ஆயிரச் சொச்சம் என்பது ரிட்டர்னைக் கழிக்காத தொகை. அதை அப்படியே எழுதியிருந்தால் பேச்சு தொகையின் பக்கம் திரும்பியிருக்கும். "ரிட்டர்ன் அனுப்பினேனே, அதைக் கழிக்கலையே" என்று ஒரு பதில் வரும். கடைக்காரர் பக்கம் நியாயம் ஏறிவிடும். தேதி கேட்க வாய்ப்பே இருக்காது. ரிட்டர்னுக்கு கிரெடிட் நோட் போட்டாயிற்றா என்பதையும் இந்த நேரத்தில் பார்த்துவிட வேண்டும். போடவில்லையென்றால் முதலில் அதை அனுப்பிவிட்டு, பிறகுதான் பாக்கி கேட்க வேண்டும்.

எதை வெட்டுவது, எதை விடுவது

இப்போது அந்த நீளமான செய்தியின் வாக்கியங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கலாம்.

நலம் விசாரிப்பதை வெட்டினால் உறவு போய்விடுமோ என்ற பயம்தான் பலருக்குப் பெரிது. ஆனால் மரியாதை நிற்பது "அண்ணாச்சி" என்ற விளியிலும், "வணக்கம்ங்க" என்பதிலும், வாக்கியத்தின் கடைசியில் வரும் "ங்க"விலும்தான். அவை மூன்றும் இருந்தால் செய்தி எவ்வளவு சின்னதானாலும் கறாராக ஒலிக்காது. பாப்பா காலேஜ் சேர்ந்ததை உண்மையாகவே கேட்க வேண்டுமென்றால் ஒரு நாள் போன் செய்து அதை மட்டும் கேளுங்கள். பணத்துக்கு முன்னால் வைத்துக் கேட்கப்படும் நலம், பணத்துக்காகக் கேட்கப்பட்டதாகத்தான் படும்.

"தப்பா எடுத்துக்காதீங்க" என்பதையும் வெட்டலாம். கொடுத்த சரக்குக்குப் பணம் கேட்பதில் தப்பாக எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை. அப்படி ஒன்று இருப்பதாக நாமே சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. "போன் பண்ணேன், எடுக்கல" என்பது குற்றச்சாட்டு. அதைச் சொன்னால் அவர் ஏன் எடுக்கவில்லை என்று விளக்க வேண்டியிருக்கும். அது இன்னொரு பேச்சு.

தறிக்காரருக்குப் பணம் கொடுக்க வேண்டும், நெருக்கடி என்பதை வெட்டத்தான் மனம் வராது. அது உண்மையாகவும் இருக்கும். இருந்தாலும் இரண்டு காரணங்களுக்காக அது போக வேண்டும். ஒன்று, வரவேண்டிய பணம் அந்த வாக்கியத்தால் உதவியாக மாறிவிடுகிறது. உதவியென்றால் முடிந்தபோது, முடிந்த அளவு செய்தால் போதும். ஐயாயிரம் அனுப்பிவிட்டு நல்ல பேரும் வாங்கிக்கொள்ளலாம். இரண்டு, பஜாரில் இப்படிப்பட்ட பேச்சு நிற்காமல் ஓடும். ஒருவருக்குக் கை இறுகியிருக்கிறது என்று தெரிந்தால், அவருக்குக் கடனுக்குச் சரக்குத் தருகிறவர்கள் கையை இழுத்துக்கொள்வார்கள். பணம் கேட்கப் போய் தன் பேரைத் தானே குறைத்துக்கொள்வதாக முடியும்.

தீபாவளி டிசைன் தனிச் செய்தியாக, இன்னொரு நாளில் போக வேண்டும். பாக்கியையும் புது ஆர்டரையும் ஒரே செய்தியில் வைத்தால், கடைக்காரர் ஆர்டரைப் பற்றிப் பேசியே பாக்கியைக் கடந்துவிடலாம். "பழைய பாக்கியோட இதையும் சேர்த்துப் போட்டுவிடுறேன்" என்றால் கடன் கூடுமே தவிரக் குறையாது.

"எப்ப முடியுதோ அப்ப", "ஏதாவது", "அவசரம் இல்லை, ஆனா சீக்கிரம்" என்ற மூன்றின் இடத்திலும் ஒரே ஒரு தேதி வர வேண்டும்.

மிஞ்சுவது பில் எண், தேதி, தொகை, வரவு, ரிட்டர்ன், பாக்கி, கெடு, கேட்கும் நாள். இவற்றில் ரிட்டர்னைக் கட்டாயம் விடக்கூடாது. அவருக்குச் சேரவேண்டியதை நாமே கழித்துக் காட்டியிருக்கிறோம் என்பது, எந்தப் பணிவான சொல்லைவிடவும் அவர் மனதில் நிற்கும்.

எந்த நாளைக் கேட்பது

தேதி போடுவதிலும் யோசனை வேண்டும். 45 நாள் கடன் என்று பேச்சு. ஜூன் 12-லிருந்து எண்ணினால் ஜூலை 27-இல் கெடு முடிந்துவிட்டது. செய்தி அனுப்புவது ஆகஸ்ட் 6, புதன்கிழமை. வியாழனுக்கு அடுத்து வருவது வெள்ளி. வெள்ளிக்கிழமை கையிலிருந்து பணம் கொடுக்கக்கூடாது என்று வைத்திருக்கும் கடைக்காரர்கள் நிறைய. அன்றைக்குக் கேட்டால் பணமும் வராது, தெரிந்தே கேட்டார் என்ற வருத்தமும் மிஞ்சும். சனிக்கிழமை ஆகஸ்ட் 9, மாதத்தின் இரண்டாவது சனி; பேங்க் விடுமுறை. போனில் பணம் போடுகிறவருக்கு அது தடையில்லை. ஆனால் செக்கோ சலானோ எழுதிப் பையனைப் பேங்குக்கு அனுப்புகிற பழக்கமுள்ளவருக்குத் தடைதான். ஆகவே திங்கள், ஆகஸ்ட் 11 சரியாக வரும்.

அனுப்பும் நேரமும் அப்படித்தான். கடை திறந்து முதல் போணி ஆவதற்குள் கடன்காரர் குரல் கேட்பதை யாரும் விரும்பமாட்டார்கள். விளக்கு வைத்த பிறகு பணம் வெளியே போகக்கூடாது என்பவர்களும் உண்டு. ஜவுளிக்கடையில் மாலை கூட்ட நேரம். காலை பதினொன்றுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில் அனுப்பினால் படிக்கவும் ஆள் இருக்கும், பணம் போடவும் நேரம் இருக்கும்.

இப்போது செய்தி இப்படி வருகிறது:

"அண்ணாச்சி வணக்கம்ங்க. பில் 214 பாக்கி ரூ.22,040.
12-06 பில்: 50,400
05-07 வரவு: 25,000
ரிட்டர்ன் 8 பெட்ஷீட்: 3,360
கெடு 27-07 முடிஞ்சிருச்சுங்க. வர்ற திங்கக்கிழமை 11-08 போட்டுவிட்டுருவீங்களா?"

பாக்கித் தொகை முதல் வரியிலேயே இருப்பதற்குக் காரணம் உண்டு. போனில் செய்தி வந்ததும் மேலே தெரிவது தொடக்கத்துச் சில சொற்கள்தான். பழைய செய்தியில் அங்கே தெரிந்தது நலம் விசாரிப்பு; இதில் தெரிவது தொகை. கணக்கு ஒவ்வொரு வரியாக நிற்பதால் பில்லைக் கையில் வைத்து ஒத்துப்பார்க்க வசதி. கடைசியில் ஒரே கேள்வி. அதற்கு "சரி" என்றோ, "முடியாது, இன்ன தேதி" என்றோதான் பதில் சொல்ல முடியும்.

இன்னொரு வசதியும் இதில் இருக்கிறது. சின்னக் கடைகளில்கூடப் பணம் போடுவது பல நேரம் முதலாளி இல்லை. மகன், அல்லது வாரத்துக்கு இரண்டு நாள் வந்துபோகும் கணக்குப்பிள்ளை. முதலாளி இந்தச் செய்தியை அப்படியே அவருக்குத் தள்ளிவிடலாம். பழைய கதை எதுவும் தெரியாத ஒருவர், யாரையும் கேட்காமல் இதைப் பார்த்துப் பணம் போட முடியும். பாப்பா காலேஜும் தறிக்காரர் நெருக்கடியும் இருக்கும் செய்தியை யாரும் இன்னொருவருக்குத் தள்ளிவிடமாட்டார்கள். எழுதி முடித்ததும் சோதித்துப் பார்க்க வேண்டியது இதைத்தான்: இந்த விவரம் எதுவும் தெரியாத ஒருவர் கையில் கிடைத்தால், அவரால் சரியான தொகையைப் போட முடியுமா?

அக்கவுண்ட் எண்ணை இதில் சேர்க்கவில்லை. ஏற்கெனவே ஒரு தடவை பணம் போட்டிருப்பதால் அது கடைக்காரரிடம் இருக்கிறது. அக்கவுண்ட் மாறிவிட்டது என்று பொய்யாகச் செய்தி அனுப்பி ஏமாற்றுகிற கூட்டம் இருப்பதால், உண்மையாகவே மாறியிருந்தால் அதைப் போனில் பேசித்தான் சொல்ல வேண்டும். வாங்குகிறவரும், புது எண் செய்தியில் வந்தால், பழைய நம்பருக்குப் போன் செய்து குரலைக் கேட்டு உறுதிசெய்யாமல் பணம் போடக்கூடாது.

பதில் வந்த பிறகு

நல்ல செய்திக்கும் பணம் உடனே வந்துவிடாது. ஆனால் பதில் பணத்தைப் பற்றியதாக வரும். தென்காசியிலிருந்து இப்படி ஒன்று வருவதாக வைத்துக்கொள்வோம்: "தம்பி, ரிட்டர்ன் 8 இல்ல, 10 பீஸ். ஆடி முடியட்டும், போடுதேன்."

இதில் இரண்டு விஷயம் இருக்கிறது, இரண்டையும் பிரிக்க வேண்டும். இரண்டு பெட்ஷீட்டின் மதிப்பு வரியோடு 840 ரூபாய். அதற்காக 22,040 முழுவதும் நிற்க வேண்டியதில்லை. சண்டையில்லாத தொகை 21,200. அதற்குத் தேதி வாங்கிவிட வேண்டும். "ஆடி முடியட்டும்" என்பது தேதி ஆகாது, ஆனால் அதைத் தேதியாக்கலாம். "பார்சல் ரசீதைப் பார்த்து 2 பீஸ் கணக்கு நாளைக்குச் சொல்றேங்க. 21,200 மட்டும் ஆகஸ்ட் 18 திங்கள்னு குறிச்சுக்கட்டுங்களா?" அவர் "சரி" என்று போட்டால், தேதி இப்போது அவர் சொன்ன தேதி. அடுத்த நினைவூட்டல் நம் அவசரத்தைப் பற்றியதாக இருக்காது; அவர் வாக்கைப் பற்றியதாக இருக்கும். "அண்ணாச்சி, இன்னைக்கு 18 சொல்லியிருந்தீங்க, ரூ.21,200" என்றால் போதும்.

மறுநாள் பார்சல் ரசீதைப் பார்த்தால் பத்து பீஸ் என்றே இருக்கிறது. உடனே "10 பீஸ் சரிதாங்க, 840 கழிச்சாச்சு, பாக்கி 21,200" என்று எழுதிவிட வேண்டும். தள்ளிப்போட்டால் அந்த 840 ரூபாய் பெரிய தொகையையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

பணம் வந்ததும் ஒரு வரி கட்டாயம் போக வேண்டும்: "ரூ.21,200 வந்துருச்சுங்க, பில் 214 கணக்கு தீர்ந்தது, நன்றிங்க." அடுத்த பில் வரும்போது பழையது முடிந்ததா இல்லையா என்ற குழப்பம் வராது.

பதிலே வராவிட்டால் நீளமாக எழுதத் தோன்றும். அப்போதும் அதே சின்னச் செய்திதான், புதுத் தேதியோடு. இரண்டாவதற்கும் பதில் இல்லையென்றால் போன். அல்லது அந்தப் பக்கம் வசூலுக்குப் போகும் ஆள் நேரில் பார்க்க வேண்டும். சரக்கை நிறுத்துவதாக இருந்தால் அதையும் மறைக்காமல் ஒரே வரியில் சொல்லலாம்: "இது வந்த பிறகுதான் அடுத்த லோடு ஏத்த முடியும்ங்க." வியாபாரிகள் சங்கக் குரூப்பில் பேரைப் போட்டுக் கேட்பது மட்டும் வேண்டாம். அதற்குப் பிறகு அவர் பணம் கொடுத்தாலும் வாடிக்கை போய்விடும்.

சட்டத்தைச் சேர்க்கலாமா?

"45 நாளில் பணம் தராவிட்டால் வட்டியோடு தர வேண்டும், சட்டம் இருக்கிறது" என்று ஒரு வரி சேர்ப்பவர்கள் இப்போது அதிகம். சிறு, குறு தொழில்களுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அப்படி இருப்பது உண்மை. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் கெடு 45 நாளைத் தாண்டக்கூடாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். ஆனால் அந்தப் பாதுகாப்பு பொருளைத் தயாரிப்பவர்களுக்கும் சேவை தருபவர்களுக்கும் உரியது. வாங்கி விற்கும் வியாபாரிகள் 2021-லிருந்து உத்யம் பதிவு பெறலாம் என்றாலும், அவர்களுக்கு அதனால் கிடைப்பது பேங்க் கடனில் முன்னுரிமை மட்டும்தான். தறிக்காரரிடம் வாங்கி விற்கும் நம் ஈரோட்டு வியாபாரி அந்த வரியைச் சேர்த்தால், எதிராளியின் ஆடிட்டர் அது பொருந்தாது என்று சொல்லிவிடுவார். செய்தியின் மற்ற வரிகளின் மதிப்பும் அதோடு குறையும்.

அவருக்குப் பொருந்தும் விஷயம் ஒன்று உண்டு. தென்காசிக் கடைக்காரர் இந்தப் பில்லின் ஜிஎஸ்டியைத் தன் கணக்கில் உள்ளீட்டு வரியாக எடுத்திருந்தால், பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் கொடுத்துவிட வேண்டும். ஜூன் 12 பில்லுக்கு அது டிசம்பர் 9. தாண்டினால் பாக்கிக்குரிய வரியை வட்டியோடு திருப்ப வேண்டியிருக்கும். பணம் கொடுத்த பிறகு மறுபடி எடுத்துக்கொள்ளலாம். காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் கடை என்றால் உள்ளீட்டு வரியே கிடையாது, ஆகவே இதுவும் பொருந்தாது. நவம்பரிலும் பணம் வரவில்லையென்றால் அப்போது இதை ஒரு வரியாக நினைவூட்டலாம். பத்து நாள் தாமதத்துக்கு இதை எடுப்பது மிரட்டலாகத்தான் தெரியும்.

கோர்ட்டுக்குப் போவதற்கான காலவரம்பு, கடன் கெடு முடிந்த நாளிலிருந்து பொதுவாக 3 ஆண்டு. அதுவரை இழுக்கும் பாக்கியை எந்த வாட்ஸ்அப் செய்தியும் வசூலித்துத் தராது. வக்கீலைப் பார்க்க வேண்டியதுதான். அங்கே போகும்போதும் கையில் பில் எண்ணும், தொகையும், "சரி" என்ற பதிலும் உள்ள சின்னச் செய்தி இருந்தால் வக்கீல் அதை எடுத்து வைத்துப் பேச முடியும். "25 சொச்சம், எப்ப முடியுதோ அப்ப" என்று எழுதியிருந்தால், கெடுவே இல்லாத கடன் என்று எதிர்த்தரப்பு வாதாட அதுவே எடுத்துக்கொடுத்ததாகிவிடும்.